260 ரூபாய் எங்கே இடித்தது: பழைய வினாத்தாள் பாணியில் ஒரு பொருள் மாறுபாட்டுக் கணக்கு

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவி மட்டும் விடைத்தாளோடு நின்றாள். பகலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, இரவில் காஸ்ட் அக்கவுண்டன்சி இடைநிலைத் தேர்வுக்குப் படிப்பு. பழைய தாள்களை வரிசையாகப் போட்டு வருகிறவள். “சார், ஃபார்முலா எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். விலை மாறுபாட்டையும் பயன்பாட்டு மாறுபாட்டையும் கூட்டினா மொத்த மாறுபாடு வரணும். 260 ரூபா இடிக்குது” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பெருக்கலில் ஒரு தவறும் இல்லை. அவள் எழுதியிருந்த சூத்திரங்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு புத்தகத்தில் அப்படியே இருப்பவைதான். ஆனாலும் கணக்கு டேலி ஆகவில்லை. இந்த 260 எதனால் வந்தது என்று கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். ஆக வேண்டிய செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரணம் காரணமாகப் பிரிப்பதுதான் மாறுபாட்டுக் கணக்கு. அதில் இடிக்கும் தொகை வெறும் தவறின் அடையாளம் இல்லை. எந்தத் தவறு என்பதையும் அந்தத் தொகையே சொல்லிவிடும். அதைக் கேட்க வேண்டுமானால் கணக்கை ஒரே வரிசையில் போடும் பழக்கம் வேண்டும்.

கேள்வி

பழைய தாள்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில், வகுப்புக்காக நானே எண்களை வைத்து எழுதிய கேள்வி இது. ஒரு ரசாயனக் கலவைக்கு மூன்று மூலப்பொருள்கள் தேவை. 100 கிலோ உள்ளே போட்டால் 90 கிலோ கலவை வெளியே வர வேண்டும் என்பது ஸ்டாண்டர்டு. அந்த 100 கிலோவில் ஏ 50 கிலோ, கிலோ 40 ரூபாய். பி 30 கிலோ, கிலோ 60 ரூபாய். சி 20 கிலோ, கிலோ 25 ரூபாய்.

அந்த மாதத்துக்கு பட்ஜெட் போட்ட உற்பத்தி 1,890 கிலோ. உண்மையில் வந்தது 1,800 கிலோ. மாதத் தொடக்கத்தில் கையிருப்பு எதுவும் இல்லை. வாங்கியதும் மீந்ததும் இப்படி:

| பொருள் | வாங்கியது (கிலோ) | கொடுத்த தொகை (ரூ.) | இறுதிக் கையிருப்பு (கிலோ) |
|---|---|---|---|
| ஏ | 1,200 | 50,400 | 120 |
| பி | 600 | 34,800 | 20 |
| சி | 400 | 11,200 | 20 |

பொருள் மாறுபாடுகள் அனைத்தையும் கணக்கிட்டுச் சரிபார்க்கவும் என்பது கேள்வி.

இதில் இரண்டு எண்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. ஒன்று பட்ஜெட் உற்பத்தி 1,890. இன்னொன்று, பயன்படுத்திய அளவை நேராகச் சொல்லாமல் வாங்கியதையும் மீந்ததையும் மட்டும் கொடுத்திருப்பது. தாள் தயாரிப்பவர்கள் சோதிப்பது பெருக்கலை அல்ல, இந்த இரண்டு இடங்களைத்தான்.

அவள் போட்ட வழி

அவள் தாளின் மேலேயே ஏழு சூத்திரங்களை நினைவிலிருந்து எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய எண்ணைக் கேள்வியில் தேடிப்போய் எடுத்து வந்திருந்தாள். விலை மாறுபாட்டுக்கு அளவு என்ற இடம் வந்ததும், கேள்வியில் ரூபாயோடு சேர்ந்து கண்ணில் பட்ட அளவு வாங்கிய அளவு. அதையே போட்டாள். பயன்பாட்டு மாறுபாட்டுக்குப் போனபோது, பயன்படுத்திய அளவு என்று பெயரிலேயே இருப்பதால், வாங்கியதிலிருந்து மீந்ததைக் கழித்துச் சரியாக எடுத்தாள். இரண்டு சூத்திரங்கள், இரண்டு வேறு அளவுகள். ஒரு சூத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது அளவு மாறியது அவளுக்கே தெரியவில்லை.

சூத்திரத்திலிருந்து எண்ணுக்குப் போகும் இந்த வழியில் ஒவ்வொரு சூத்திரமும் ஒரு புதிய தேடல். எழுதும் ஏழு தடவையும் தவறான எண்ணை எடுக்க வாய்ப்பு இருக்கிறது. நான் சொல்லிக்கொடுப்பது தலைகீழான வழி: எண்களை ஒரு தடவை மட்டும் எடுத்து நான்கு தொகைகளாக நிறுத்திவிடுவது. அதற்குப் பிறகு மாறுபாடுகள் எல்லாம் கழித்தல் மட்டுமே.

முதலில் அளவுகள், பிறகு ரூபாய்

ரூபாயைத் தொடுவதற்கு முன் கிலோ வேலை முழுவதும் முடிந்துவிட வேண்டும். மூன்று அளவுகள் தேவை.

முதலாவது, உண்மையில் வந்த உற்பத்திக்கு எவ்வளவு பொருள் போயிருக்க வேண்டும் என்பது. ஸ்டாண்டர்டு அளவு என்றால் இதுதான். 1,800 கிலோ வந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 90 கிலோ. ஆகவே 20 தடவை. ஏ 50 × 20 = 1,000 கிலோ, பி 600, சி 400, மொத்தம் 2,000 கிலோ. இந்த ‘எத்தனை தடவை’ என்ற கேள்வியை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இழப்பு 10 சதவீதம் என்று கேள்வியில் வந்தால், பலர் 1,800-ஓடு அதில் 10 சதவீதத்தைக் கூட்டி 1,980 என்று போட்டுவிடுவார்கள். இழப்பு கணக்கிடப்படுவது உள்ளே போட்டதன் மேல். வெளியே வந்ததன் மேல் அல்ல. 1,980-இல் 10 சதவீதம் கழித்தால் 1,782 தான் வரும், 1,800 வராது. தடவைக் கணக்கில் போனால் இந்தக் குழியில் விழவே வழியில்லை.

இரண்டாவது, உண்மையில் பயன்படுத்திய அளவு. தொடக்கக் கையிருப்போடு வாங்கியதைக் கூட்டி, இறுதிக் கையிருப்பைக் கழிக்க வேண்டும். ஏ 1,080, பி 580, சி 380. மொத்தம் 2,040 கிலோ.

மூன்றாவது, உண்மையில் போட்ட அதே 2,040 கிலோவை ஸ்டாண்டர்டு விகிதத்தில் பிரித்தால் எவ்வளவு என்பது. 50:30:20 விகிதத்தில் ஏ 1,020, பி 612, சி 408. இதற்குத் திருத்திய ஸ்டாண்டர்டு அளவு என்று பெயர். மூன்று பொருளின் மொத்தமும் மறுபடி 2,040 வருகிறதா என்று இங்கேயே கூட்டிப் பார்த்துவிட வேண்டும். வராவிட்டால் மேலே போவதில் பயனில்லை.

விலைக்குப் பெரிய வேலை இல்லை. கொடுத்த தொகையை வாங்கிய அளவால் வகுத்தால் ஏ 42, பி 58, சி 28 ரூபாய். தொடக்கக் கையிருப்பு இல்லாததால் பயன்படுத்தியது முழுவதும் இந்த விலையில் வந்தது என்று துணிந்து சொல்லலாம். தொடக்கக் கையிருப்பு வேறு விலையில் இருந்திருந்தால், கேள்வி எந்த முறையில் பொருளை வெளியே கொடுக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போகும் முறை என்றால், பயன்படுத்திய அளவில் ஒரு பகுதி பழைய விலையிலும் மீதி புது விலையிலும் நிற்கும்.

நான்கு தொகைகள்

இப்போது நான்கு கட்டங்கள். வரிசையை மாற்றக் கூடாது. வரிசைதான் இந்த முறையின் உயிர். கீழே SQ என்பது ஸ்டாண்டர்டு அளவு, RSQ திருத்திய ஸ்டாண்டர்டு அளவு, AQ உண்மையில் பயன்படுத்திய அளவு, SP ஸ்டாண்டர்டு விலை, AP உண்மை விலை.

```
(1) SQ  × SP
(2) RSQ × SP
(3) AQ  × SP
(4) AQ  × AP
```

முதல் கட்டம் ஸ்டாண்டர்டு அளவு, ஸ்டாண்டர்டு விலை. இரண்டாவதில் மொத்த அளவு மட்டும் உண்மைக்கு மாறுகிறது. மூன்றாவதில் விகிதமும் உண்மைக்கு மாறுகிறது. நான்காவதில் விலையும் மாறிவிடுகிறது. ஒவ்வோர் அடியிலும் ஒரே ஒரு விஷயம்தான் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் வித்தியாசம் ஒரே ஒரு காரணத்தைச் சொல்கிறது.

| பொருள் | (1) ரூ. | (2) ரூ. | (3) ரூ. | (4) ரூ. |
|---|---|---|---|---|
| ஏ | 40,000 | 40,800 | 43,200 | 45,360 |
| பி | 36,000 | 36,720 | 34,800 | 33,640 |
| சி | 10,000 | 10,200 | 9,500 | 10,640 |
| மொத்தம் | 86,000 | 87,720 | 87,500 | 89,640 |

எப்போதும் இடப்பக்கக் கட்டத்திலிருந்து வலப்பக்கக் கட்டத்தைக் கழிக்க வேண்டும். விடை கூட்டலாக வந்தால் சாதகம், கழித்தலாக வந்தால் பாதகம். சாதகமா பாதகமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒன்றிலிருந்து நான்கைக் கழித்தால் மொத்தப் பொருள் மாறுபாடு: 3,640 பாதகம். மூன்றிலிருந்து நான்கைக் கழித்தால் விலை மாறுபாடு: 2,140 பாதகம். இதில் ஏ 2,160 பாதகம், பி 1,160 சாதகம், சி 1,140 பாதகம். ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் பயன்பாட்டு மாறுபாடு: 1,500 பாதகம். அதில் ஏ 3,200 பாதகம், பி 1,200 சாதகம், சி 500 சாதகம். 2,140-உம் 1,500-உம் சேர்ந்தால் 3,640.

பயன்பாட்டு மாறுபாட்டை நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு. இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தால், பொருள்களின் விகிதம் மாறியதால் வந்த கலவை மாறுபாடு 220 சாதகம். ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தால், உள்ளே போட்டதற்கு ஏற்ற அளவு வெளியே வராததால் வந்த விளைவு மாறுபாடு 1,720 பாதகம். 220 சாதகமும் 1,720 பாதகமும் சேர்ந்தால் 1,500 பாதகம்.

அந்த 260

அவள் தாளில் விலை மாறுபாடு 2,400 பாதகம் என்று இருந்தது. ஏ 1,200 கிலோவுக்கு கிலோ 2 ரூபாய் கூடுதல், 2,400 பாதகம். பி 600 கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு, 1,200 சாதகம். சி 400 கிலோவுக்கு 3 ரூபாய் கூடுதல், 1,200 பாதகம். பயன்பாட்டு மாறுபாடு 1,500 சரியாகவே இருந்தது. இரண்டும் சேர்ந்து 3,900. மொத்த மாறுபாடோ 3,640. வித்தியாசம் 260.

“கையிருப்புல எவ்வளவு மீந்துது?” என்று கேட்டேன். “ஏ 120, பி 20, சி 20” என்றாள். “அதை விலை வித்தியாசத்தோட பெருக்கிப் பாரும்மா.” பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: 120 × 2 = 240 பாதகம். 20 × 2 = 40 சாதகம். 20 × 3 = 60 பாதகம். கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். 240, கழித்தல் 40, கூட்டல் 60: 260.

அவள் கணக்கில் காணாமல் போனது என்று நினைத்த பணம் கிடங்கில் இருந்தது. மாதத்தில் கூடுதலாகக் கொடுத்த விலையில் ஒரு பகுதி, இன்னும் பயன்படுத்தாத பொருளின் தலையில் நிற்கிறது. விலை மாறுபாட்டை வாங்கிய அளவின் மேல் கணக்கிட்டால் அந்தப் பகுதியும் சேர்ந்து வரும். மொத்த மாறுபாட்டில் அது வராது, ஏனென்றால் மொத்த மாறுபாடு பயன்படுத்திய பொருளின் செலவை மட்டுமே பார்க்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாங்கிய அளவின் மேல் விலை மாறுபாட்டைக் கணக்கிடுவது தவறான முறை அல்ல. நடைமுறையில் நான் விரும்புவதும் அதைத்தான். பில் வந்த அன்றே விலை வித்தியாசம் பிரிந்துவிடும், பொருளைச் சில மாதம் கழித்து எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வாங்கும் பிரிவை அப்போதே கேட்கலாம், கையிருப்புப் பேரேட்டை ஸ்டாண்டர்டு விலையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறையை எடுத்தால் டேலி பார்க்கும் விதமும் மாற வேண்டும். அப்போது கணக்கு இப்படி ஓடும்: மொத்தம் கொடுத்தது 96,400. இறுதிக் கையிருப்பை ஸ்டாண்டர்டு விலையில் எடுத்தால் ஏ 4,800, பி 1,200, சி 500, ஆக 6,500. கழித்தால் 89,900. ஸ்டாண்டர்டு செலவு 86,000-ஐ அதிலிருந்து எடுத்தால் 3,900. அவளுடைய 2,400-உம் 1,500-உம் இங்கே பைசா பிசகாமல் பொருந்துகின்றன.

ஆக, அவள் தாளில் இருந்தது தவறான சூத்திரம் அல்ல. இரண்டு முறைகளில் ஒன்றின் விலை மாறுபாட்டையும் மற்றொன்றின் மொத்த மாறுபாட்டையும் ஒரே கூட்டலில் வைத்ததுதான் தவறு. தேர்வில் எதை எடுப்பது? வாங்கும்போதே விலை மாறுபாட்டைப் பிரிப்பதாகவோ, கையிருப்பை ஸ்டாண்டர்டு விலையில் வைப்பதாகவோ கேள்வியில் ஒரு வரி இருந்தால் வாங்கிய அளவு. அப்படி எதுவும் சொல்லாமல் மொத்த மாறுபாட்டோடு சரிபார்க்கச் சொன்னால் பயன்படுத்திய அளவு. எதை எடுத்தாலும் ‘விலை மாறுபாடு பயன்படுத்திய அளவின் மேல் கணக்கிடப்பட்டது’ என்று ஒரு குறிப்பை விடைக்கு மேலே எழுதிவிட வேண்டும்.

இன்னொரு தொகை: 140

அதே வகுப்பில் இன்னொருவன் தாளில் 140 இடித்தது. அவன் விலை மாறுபாட்டை ஸ்டாண்டர்டு அளவின் மேல் கணக்கிட்டிருந்தான்: ஏ 1,000 × 2 = 2,000 பாதகம், பி 600 × 2 = 1,200 சாதகம், சி 400 × 3 = 1,200 பாதகம், மொத்தம் 2,000 பாதகம். 1,500-ஐச் சேர்த்தால் 3,500. 3,640-க்கு 140 குறை.

இந்த 140 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள ஏ பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். போக வேண்டியது 1,000 கிலோ, போனது 1,080. கொடுக்க வேண்டியது 40 ரூபாய், கொடுத்தது 42. கூடுதலாகப் போன அந்த 80 கிலோவுக்கும் 2 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். அது 160 ரூபாய். இந்த 160 விலையின் குற்றமா, அளவின் குற்றமா? இரண்டும் சேர்ந்ததால் வந்தது, தனியாக எதன் மேலும் போட முடியாது. இதைக் கூட்டு மாறுபாடு என்று தனியே காட்டும் பழக்கமும் உண்டு. ஆனால் நம் தேர்வுகளில் வழங்கும் ஏற்பாடு அதை விலை மாறுபாட்டோடு சேர்த்துவிடுவதுதான். விலை மாறுபாட்டில் உண்மை அளவையும், பயன்பாட்டு மாறுபாட்டில் ஸ்டாண்டர்டு விலையையும் வைத்துப் பெருக்குவதற்குக் காரணம் இதுவே.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது. பயன்பாட்டு மாறுபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆலைக்குள் இருக்கும் ஃபோர்மேன். வெளியே விலை ஏறியது அவர் கையில் இல்லை. ஆகவே அவர் கணக்கை ஸ்டாண்டர்டு விலையிலேயே வைத்து, விலையால் வந்தது எதுவும் அவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு ஈடாக, வாங்கும் பிரிவின் தலையில் 80 கிலோவின் கூடுதல் விலை கொஞ்சம் அநியாயமாக ஏறுகிறது. வித்தியாசங்கள் சிறியதாக இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது.

நான்கு கட்டங்களை வரிசையாக எழுதுபவனுக்கு இந்தத் தவறு வரவே வராது. ஸ்டாண்டர்டு அளவை உண்மை விலையால் பெருக்கிய கட்டம் அந்த வரிசையில் கிடையாது.

டேலி பிடிக்காத தவறு

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, டேலி ஆனால் விடை சரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கேள்வியிலேயே மிக மோசமான தவறு டேலி ஆகிவிடும்.

ஒருவர் உண்மை உற்பத்தி 1,800-க்குப் பதில் பட்ஜெட் உற்பத்தி 1,890-ஐ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 21 தடவை. ஏ 1,050, பி 630, சி 420. முதல் கட்டம் 90,300 ஆகிவிடும். மற்ற மூன்று கட்டங்களும் மாறாது. மொத்த மாறுபாடு 660 சாதகம். பயன்பாட்டு மாறுபாடு 2,800 சாதகம். விலை 2,140 பாதகம். 2,800-இல் 2,140 போனால் 660. அழகாக டேலி ஆகிறது. 3,640 ரூபாய் நஷ்டத்தை 660 ரூபாய் மிச்சம் என்று எழுதிவிட்டு, கீழே இரட்டைக் கோடும் போட்டுவிடலாம். முதல் கட்டம் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருப்பதால் அதில் உள்ள தவறு தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது.

இதைப் பிடிக்க முதல் கட்டத்தைத் தொடாத ஒரு சோதனை வேண்டும். அது கிலோவில் இருக்கிறது. உண்மையில் 2,040 கிலோ உள்ளே போனது. 100-க்கு 90 என்றால் வெளியே 1,836 கிலோ வந்திருக்க வேண்டும். வந்தது 1,800, 36 கிலோ குறை. விளைவு குறைந்திருக்கிறது என்பது ரூபாயைப் பார்க்காமலே தெரிகிறது. ஆகவே விளைவு மாறுபாடு பாதகமாகத்தான் இருக்க முடியும். 1,890-ஐ எடுத்தவருக்கு விளைவு மாறுபாடு 2,580 சாதகம் என்று வரும். அந்த இடத்திலேயே பென்சிலை நிறுத்திவிடலாம்.

ரூபாயிலும் பார்க்கலாம். ஒரு தடவைக்கான செலவு 2,000 + 1,800 + 500 = 4,300. வெளியே வரும் ஒரு கிலோவுக்கு 4,300 ÷ 90 = 47.78 ரூபாய். 36-ஆல் பெருக்கினால் 1,720-க்கு மேலே எட்டு பைசா. அந்த எட்டு பைசா தவறு அல்ல, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கியதால் வந்தது. அது உறுத்தினால் உள்ளே போகும் பக்கத்திலிருந்து பாருங்கள்: 2,000 போதுமானதற்கு 2,040 போட்டோம்; 40 கிலோ கூடுதல்; உள்ளே போகும் ஒரு கிலோவின் சராசரி ஸ்டாண்டர்டு விலை 43 ரூபாய்; 40 × 43 = 1,720. பின்னமே இல்லை.

எண்கள் சொல்லும் கதை

பழைய தாள்களில் கடைசியில் ‘கருத்துரைக்க’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வால் இருக்கும். பெரும்பாலோர் ‘நிர்வாகம் கவனிக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த அட்டவணையில் சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது.

கலவை மாறுபாடு 220 சாதகம். பிரித்துப் பார்த்தால் ஏ 2,400 பாதகம், பி 1,920 சாதகம், சி 700 சாதகம். 60 ரூபாய்ப் பொருளான பி-யையும் 25 ரூபாய்ப் பொருளான சி-யையும் குறைத்து, இடைப்பட்ட ஏ-யைக் கூட்டியிருக்கிறார்கள். அதில் 220 ரூபாய் மிச்சம். அதே மாதத்தில் விளைவு 36 கிலோ குறைந்து 1,720 ரூபாய் போயிருக்கிறது. பி-யைக் குறைத்ததால்தான் விளைவு குறைந்தது என்று இந்த எண்களை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இயந்திரக் கோளாறோ, மட்டமான சரக்கோ, கவனக்குறைவோ காரணமாக இருக்கலாம். ஆனால் கலவையையும் விளைவையும் தனித்தனியாகப் பாராட்டவோ திட்டவோ கூடாது, சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும் என்று சொல்ல இந்த எண்களே போதும்.

இன்னொரு இழையும் இருக்கிறது. பி மட்டும் ஸ்டாண்டர்டு விலையைவிட 2 ரூபாய் மலிவாக வாங்கப்பட்டிருக்கிறது. மலிவாகக் கிடைத்த பொருளை ஆலை குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறது, விலை ஏறிய ஏ-யை அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறது. சாதாரணமாக நடப்பதற்கு இது நேர் எதிர். மலிவாக வந்த பி தரக்குறைவாக இருந்து, அதை ஒதுக்கிவிட்டு ஏ-யைப் போட்டார்களா என்பதுதான் நான் கிடங்கில் போய்க் கேட்கும் முதல் கேள்வி. கருத்துரையில் இதை ஒரு வரியாக எழுதினால், எழுதியவருக்கு அட்டவணை புரிந்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரியும்.

தலைகீழாக வரும் கேள்வி

சில தாள்களில் மாறுபாடுகளைக் கொடுத்துவிட்டு விலையையோ அளவையோ கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதற்கும் இதே நான்கு கட்டங்கள்தான். நிரப்பும் திசை மட்டும் மாறும். ஏ பொருளின் ஸ்டாண்டர்டு அளவு 1,000, விலை 40, பயன்பாட்டு மாறுபாடு 3,200 பாதகம், விலை மாறுபாடு 2,160 பாதகம் என்று மட்டும் கொடுத்திருந்தால், முதல் கட்டம் 40,000. பாதகம் என்பதால் மூன்றாவது கட்டம் 43,200. அதை 40-ஆல் வகுத்தால் பயன்படுத்தியது 1,080 கிலோ. நான்காவது கட்டம் 43,200 + 2,160 = 45,360. 1,080-ஆல் வகுத்தால் விலை 42. சூத்திரத்தில் தெரியாததை எக்ஸ் என்று வைத்துத் திருப்பிப் போடும் வழியில் குறியைத் தவறவிடுபவர்கள் அதிகம். கட்டங்களில் பாதகம் வந்தால் வலப்பக்கம் பெரியது, சாதகம் வந்தால் வலப்பக்கம் சிறியது. இந்த ஒரு விதி போதும்.

அந்த மாணவி அடுத்த வாரம் வேறொரு தாளைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கேள்வியிலும் இறுதிக் கையிருப்பு இருந்தது. சூத்திரம் எதையும் மேலே எழுதியிருக்கவில்லை. முதல் பக்கத்தில் கிலோ அட்டவணை, அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். எல்லாம் முடிந்த பிறகு, கேட்கப்படாத ஒரு வரியைப் பென்சிலால் சேர்த்திருந்தாள்: கையிருப்பு, வாங்கிய விலையில் இவ்வளவு, ஸ்டாண்டர்டு விலையில் இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. “வாங்கின அளவுல போட்டிருந்தா எவ்வளவு இடிச்சிருக்கும்னு முன்னாடியே பார்த்து வெச்சிட்டேன் சார்” என்றாள்.